நவம்பர் 21 முதல் பணி நிறுத்திவைப்பு: ஒரு கணக்கு அலுவலகத்தின் அறிவிப்புக் கடிதம், வரிவரியாக

திருப்பூரில் நாங்கள் நடத்துவது சின்னக் கணக்கு அலுவலகம். பனியன் கம்பெனிகள், ஜாப் ஒர்க் யூனிட்டுகளுக்கு மாதாந்திர ஜிஎஸ்டி தாக்கல், டிடிஎஸ், புத்தகக் கணக்கு பார்த்துத் தருகிறோம். இங்கே நான் எடுத்துக்கொள்வது 2024 இறுதியில் ஒரு வாடிக்கையாளருக்கு அனுப்பிய ஒரு பக்கக் கடிதம். நான்கு மாதக் கட்டணம் நின்றுபோயிருந்தது. பணம் வராவிட்டால் வேலையை நிறுத்துவோம் என்று மரியாதை குறையாமல், ஆனால் சந்தேகத்துக்கு இடமில்லாமல் சொல்ல வேண்டியிருந்தது. அந்தக் கடிதத்தில் எந்த வரி ஏன் வந்தது, எது ஏன் வெளியே போனது என்பதை எழுதிவைக்கிறேன்.

வாடிக்கையாளர் ஒரு தனிநபர் நிறுவனம், ஏற்றுமதி இல்லாத உள்நாட்டு பனியன் வியாபாரம். மாதக் கட்டணம் ₹8,000, ஜிஎஸ்டி 18 சதவீதம் சேர்த்து ₹9,440. மாதக் கடைசியில் பில், அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் பணம் என்று ஒரு பக்கக் கட்டண ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது. பணம் வராவிட்டால் வேலையை நிறுத்தலாம் என்ற வரி அதில் இல்லை. ஏப்ரல், மே பில்களுக்கு ஒழுங்காகப் பணம் வந்தது. ஜூனிலிருந்து நின்றது. வாட்ஸ்அப்பில் நினைவூட்டினோம், "பாத்துப் போடச் சொல்றேனுங்க" என்று பதில் வந்தது. போன் செய்தோம், அதே பதில். அக்டோபரில் பில் நகல்களோடு ஒரு மின்னஞ்சல் போனது. அதற்குப் பதிலே இல்லை.

முதலில் தொகை

கடிதம் எழுதும் முன் செய்த வேலைதான் கடிதத்தைக் காப்பாற்றியது என்று நினைக்கிறேன். எங்கள் கணக்கு மென்பொருள் அந்த வாடிக்கையாளர் பெயரில் ₹39,360 பாக்கி காட்டியது. நான்கு பில்லுக்கு 9,440 வீதம் ₹37,760தானே வர வேண்டும்? மீதி ₹1,600 எங்கிருந்து வந்தது என்று பார்த்தபோது, ஏப்ரல், மே பில்களுக்கு அவர்கள் பில்லுக்கு ₹800 டிடிஎஸ் பிடித்துக்கொண்டு ₹8,640 வீதம் அனுப்பியிருந்தது தெரிந்தது. தொழில்முறைக் கட்டணத்துக்கு 10 சதவீதம் பிடிக்க வேண்டும். பில்லில் ஜிஎஸ்டி தனியாகக் காட்டியிருப்பதால் 8,000-க்கு மட்டும்தான் பிடித்தம். அவர்கள் செய்தது சரி. வருமான வரித் துறை நம் பெயரில் காட்டும் வரி வரவுப் பட்டியலான 26AS-ல் அந்த 1,600 வந்து உட்கார்ந்திருந்தது. எங்கள் புத்தகத்தில்தான் அந்த வரவு இன்னும் பதியப்படாமல் இருந்தது.

அந்த 39,360-ஐ அப்படியே கடிதத்தில் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அவர்களுடைய கணக்குப் பிள்ளை "தொகையே தப்பு" என்று ஒரு வரி எழுதிவிட்டு இன்னொரு மாதத்தை ஓட்டியிருப்பார். நிலுவைக் கடிதத்தில் ஒரே ஒரு எண் தவறாக இருந்தாலும் பேச்சு பணத்தை விட்டு அந்த எண்ணுக்குப் போய்விடும். அதனால் கடிதத்தில் இரண்டு எண்களைப் போட முடிவு செய்தோம்: பில் தொகை ₹37,760, டிடிஎஸ் ₹3,200 பிடித்தால் கைக்கு வர வேண்டியது ₹34,560. எந்தத் தொகையை அனுப்புவது என்று அவர்கள் திரும்பக் கேட்க வேண்டிய அவசியமே இருக்கக் கூடாது.

முதல் வரைவும் அதன் சிக்கலும்

அலுவலகத்தில் முதலில் தயாரான வரைவு இப்படி இருந்தது:

> பலமுறை நினைவூட்டியும் தாங்கள் தொகையைச் செலுத்தாதது மிகவும் வருந்தத்தக்கது. உடனடியாக நிலுவையைச் செலுத்துமாறு கேட்டுக்கொள்கிறோம். தவறினால் தங்களுக்கு வழங்கிவரும் சேவைகளை நிறுத்த நேரிடும் என்பதைத் தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறோம்.

படித்தால் கண்டிப்பாகத் தெரியும். ஆனால் இதில் தேதி இல்லை. "உடனடியாக" என்றால் இன்றைக்கா, தீபாவளி கழித்தா? "நிறுத்த நேரிடும்" என்பதில் முடிவு எடுத்த ஆளையே காணோம், ஏதோ மழை வருவதுபோல் நிறுத்தம் தானாக வரும் என்கிறது. "சேவைகள்" என்றால் எவை? மாதாந்திர ஜிஎஸ்டி கணக்கான GSTR-3B-ஐ இந்த மாதம் போடுவார்களா, மாட்டார்களா என்று அவருக்குத் தெரியாது. அதே நேரம் "வருந்தத்தக்கது" என்பது ஒரு முதலாளியை அவருடைய ஆட்கள் முன்னால் கண்டிக்கிற தொனி. அதைத் தணிக்கத்தான் கடைசியில் "தாழ்மையுடன்" வந்து ஒட்டிக்கொள்கிறது. அதாவது கடுமை இருக்க வேண்டிய இடத்தில் மென்மையும், மென்மை இருக்க வேண்டிய இடத்தில் கடுமையும் மாறி உட்கார்ந்திருந்தன. கடுமை தேதியிலும் தொகையிலும் இருக்க வேண்டும். மனிதரைப் பற்றிப் பேசுகிற இடத்தில் அது தேவையே இல்லை.

எந்தத் தேதியில் நிறுத்துவது

இதுதான் அதிகம் யோசித்த இடம். வரைவு தயாரானது அக்டோபர் கடைசி வாரம். அந்த ஆண்டு தீபாவளி அக்டோபர் 31. திருப்பூரில் தீபாவளிக்கு முந்தைய வாரம் போனஸ் பட்டுவாடா நடக்கும் வாரம். எந்த யூனிட்டிலும் கையிருப்பு இருக்காது. அந்த வாரத்தில் இப்படி ஒரு கடிதம் போனால் பணமும் வராது, மனக்கசப்பும் மிஞ்சும். எனவே பண்டிகை கழித்து நவம்பர் 5, செவ்வாய்க்கிழமை அனுப்புவது என்று வைத்துக்கொண்டோம்.

அடுத்தது நிறுத்தும் நாள். எங்கள் தொழிலில் மாதத்துக்கு இரண்டு கெடு: 11-ஆம் தேதி விற்பனை விவரம் தரும் GSTR-1, 20-ஆம் தேதி வரி கட்டும் GSTR-3B. நவம்பர் 10 முதல் நிறுத்துகிறோம் என்று எழுதினால் மறுநாளே அவருக்குக் கெடு. வேறு ஆள் தேட நேரம் இருக்காது. GSTR-1 போகாவிட்டால் அவரிடம் சரக்கு வாங்கியவர்களுக்கு வரி வரவு தெரியாது, அவர்கள் பணத்தை நிறுத்துவார்கள், அப்புறம் எங்களுக்குத் தர வேண்டிய பணமும் அங்கேயே மாட்டிக்கொள்ளும். கெடுவுக்கு முந்தைய நாள் கழுத்தைப் பிடிப்பது பலன் தரலாம். ஆனால் அதற்குப் பிறகு அந்த மனிதர் நம்மிடம் தொடரமாட்டார், ஊரிலும் சொல்வார்.

அதனால் ஒரு கெடு முடிந்த மறுநாளை எடுத்தோம்: நவம்பர் 21. அக்டோபர் மாதத்துக்கான இரண்டு தாக்கல்களையும் நாங்களே முடித்துக்கொடுப்போம். அடுத்த கெடு டிசம்பர் 11. நாங்கள் நிறுத்தினாலும் அவருக்கு வேறு ஏற்பாடு செய்துகொள்ள முழுதாக 20 நாள் கிடைக்கும்.

அவகாசம் எவ்வளவு தருவது நியாயம் என்பதற்கு ஒரு அளவுகோல் கையில் இருந்தது. 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம், 56-வது பிரிவு, கட்டணம் கட்டாதவரின் இணைப்பைத் துண்டிக்கும் முன் எழுத்து மூலம் முழுதாக 15 நாள் அறிவிப்பு தர வேண்டும் என்கிறது. முழு நாள் என்றால் அறிவிப்பு தந்த நாளையும் துண்டிக்கும் நாளையும் சேர்க்காமல் எண்ண வேண்டும். அந்தச் சட்டம் எங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனால் ஒப்பந்தத்தில் நிறுத்தம் பற்றி ஒரு வரியும் இல்லாதபோது, நியாயமான அவகாசம் தந்தோம் என்று நாளைக்கு யாரிடமும் சொல்லக்கூடிய நிலையில் இருக்க வேண்டும். நவம்பர் 6 முதல் 20 வரை எண்ணினால் சரியாக 15 நாள்.

அனுப்பிய கடிதம்

> பொருள்: ஜூன்–செப்டம்பர் 2024 கட்டண நிலுவை ₹37,760, நவம்பர் 21 முதல் பணி நிறுத்திவைப்பு
>
> மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.
>
> ஜூன், ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் 2024 மாதங்களுக்கான எங்கள் நான்கு பில்கள், மாதம் ₹9,440 வீதம் மொத்தம் ₹37,760, நிலுவையில் உள்ளன. வழக்கம்போல் டிடிஎஸ் ₹3,200 பிடித்தம் செய்தால் எங்களுக்கு வர வேண்டியது ₹34,560. பில் நகல்களும் கணக்குப் பட்டியலும் இணைத்துள்ளோம். அக்டோபர் பில்லுக்கு நவம்பர் 15 வரை கெடு இருப்பதால் அதை இதில் சேர்க்கவில்லை.
>
> இந்தத் தொகை நவம்பர் 20, புதன்கிழமை மாலை 5 மணிக்குள் எங்கள் வங்கிக் கணக்கில் வந்து சேர வேண்டும். வராவிட்டால் நவம்பர் 21, வியாழக்கிழமை முதல் உங்கள் நிறுவனத்துக்கான பணிகளை நிறுத்திவைக்கிறோம்.
>
> அக்டோபர் மாதத்துக்கான GSTR-1, GSTR-3B இரண்டையும் அவற்றின் கெடுவுக்குள் நாங்கள் தாக்கல் செய்துவிடுவோம். பணி நிறுத்திவைக்கப்பட்டால், நவம்பர் மாதத்துக்கான GSTR-1 (கெடு: டிசம்பர் 11) முதல் எந்தத் தாக்கலையும் நாங்கள் செய்ய மாட்டோம். அதற்கான ஏற்பாட்டை நீங்கள் செய்துகொள்ள வேண்டியிருக்கும்.
>
> உங்கள் ஜிஎஸ்டி தளத்தின் பயனர் பெயர், கடவுச்சொல், கணக்குக் கோப்புகள் அனைத்தும் உங்களுடையவை. நிலுவை இருந்தாலும் இல்லாவிட்டாலும், கேட்ட இரண்டு வேலை நாட்களுக்குள் ஒப்படைப்போம்.
>
> ஏதாவது ஒரு பில்லில் உங்களுக்கு ஒப்புதல் இல்லையென்றால் நவம்பர் 12-க்குள் எழுத்தில் தெரிவியுங்கள். அந்த ஒரு பில்லைத் தனியே வைத்துப் பேசி முடிப்போம்; மற்றவற்றுக்கு மேலே சொன்ன கெடு பொருந்தும். ஒரே தவணையில் செலுத்த இயலாவிட்டால், பாதியை நவம்பர் 20-க்குள்ளும் மீதியை நவம்பர் 30-க்குள்ளும் செலுத்துவதாக எழுத்தில் உறுதி செய்தால் பணி தடையின்றித் தொடரும்.
>
> நிறுத்திவைத்த பிறகு பணம் வந்தால் அடுத்த வேலை நாளே பணியைத் தொடங்குவோம். இதற்குள் பணம் அனுப்பியிருந்தால் பரிவர்த்தனை எண்ணை மட்டும் தெரிவியுங்கள்.

பொருள் வரியிலேயே தொகையும் தேதியும் இருப்பதைக் கவனியுங்கள். முதலாளிகள் பலர் மின்னஞ்சலைத் திறப்பதே இல்லை, போனில் தலைப்பைத்தான் பார்க்கிறார்கள். "நினைவூட்டல்" என்ற தலைப்போடு ஏற்கனவே போன கடிதம் என்ன ஆனது என்று தெரியும்.

"நிறுத்திவைக்கிறோம்" என்ற வினை முடிவு எங்களுடையது என்று சொல்கிறது, அதே சமயம் உறவை முறித்துக்கொள்ளவில்லை என்றும் சொல்கிறது. "நிறுத்தப்படும்" என்று செயப்பாட்டில் எழுதினால் யாரோ ஒரு மேலதிகாரி மேல் பழியைப் போட்டுவிட்டு ஒதுங்குவதுபோல் இருக்கும்.

கடவுச்சொல் பற்றிய பத்தியை வைக்க வேண்டாம் என்று அலுவலகத்தில் வாதம் நடந்தது. "அதையும் கொடுத்துட்டா நம்மகிட்ட என்ன இருக்கு?" என்றார்கள். எனக்கு இதில் இரண்டாவது யோசனையே இல்லை. வாடிக்கையாளரின் நுழைவு விவரங்களையும் புத்தகங்களையும் பிணையாக வைத்துக்கொள்வது எங்கள் தொழிலில் பரவலாக நடக்கிறது, அது தப்பு. வழக்கறிஞர்கள்கூடக் கட்டண பாக்கிக்காகக் கட்சிக்காரரின் வழக்குக் கோப்புகளைப் பிடித்துவைக்க உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2000-இல் சொல்லிவிட்டது. நம் வேலையை நாம் நிறுத்தலாம். அவருடைய பொருளை நாம் பூட்டிவைக்கக் கூடாது. இதை நாமே முதலில் எழுதிக் கொடுத்துவிட்டால் கடிதத்தின் மற்ற வரிகளுக்கு எடை கூடுகிறது.

விட்டவையும் சில உண்டு. GSTR-3B தாமதமானால் நாளுக்கு ₹50 தாமதக் கட்டணம், வரிக்கு 18 சதவீத வட்டி, இரண்டு மாதம் தொடர்ந்து போடாவிட்டால் இ-வே பில் எடுக்க முடியாது என்றெல்லாம் எழுதலாம். அவருக்கு இது எல்லாம் தெரியும்; நாங்கள் சொன்னால் அது மிரட்டல். டிசம்பர் 11 என்ற தேதி ஒன்றே போதும். சிறு நிறுவனங்களுக்கான 2006 சட்டப்படி தாமதத்துக்கு ரிசர்வ் வங்கியின் வங்கி வீதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி கேட்கவும் வழி இருந்தது. அதையும் தொடவில்லை. வேலையை நிறுத்துவோம் என்பதும் வட்டி கேட்போம் என்பதும் ஒரே கடிதத்தில் வந்தால், படிப்பவர் இரண்டாவதைப் பிடித்துக்கொண்டு சண்டைக்கு வருவார்.

அனுப்பியதும் நடந்ததும்

கடிதம் போவதற்கு முன்னால் நானே முதலாளிக்குப் போன் செய்தேன். "அண்ணா, நாளைக்கு ஆபீஸ்ல இருந்து ஒரு லெட்டர் வரும். நிலுவை விஷயம். தேதி போட்டு எழுதியிருக்கோம், நீங்களே ஒருக்கா படிச்சுருங்க" என்று மட்டும் சொன்னேன். போனில் பேரம் பேசவில்லை. மறுநாள் மின்னஞ்சலும், அதே கடிதத்தின் பிடிஎஃப் அவருடைய சொந்த வாட்ஸ்அப்புக்கும் போனது. கம்பெனி குரூப்பில் போடவில்லை. கணக்குப் பிள்ளையும் சூப்பர்வைசரும் இருக்கும் இடத்தில் பாக்கியைப் பற்றிப் பேசினால், எவ்வளவு மரியாதையாக எழுதியிருந்தாலும் அது அவமானம்தான்.

நவம்பர் 9-ஆம் தேதி அவரே அழைத்தார். "தம்பி, பணம் இல்லாம நிறுத்தலை. அந்த மும்பை பார்ட்டிக்கு நீங்க ஜிஎஸ்டி நம்பர் மாத்திப் போட்டதுல எனக்கு ஒன்றரை மாசம் பேமெண்ட் நின்னுச்சு. அதைக் கேக்கணும்னுதான் வெச்சிருந்தேன்." ஜூன் பில் வெறும் தாமதம்; ஜூலைக்குப் பிறகு நின்றது கோபத்தில். நான்கு மாதமாக "பாத்துப் போடச் சொல்றேன்" என்ற பதிலுக்குள் இது இருந்திருக்கிறது. ஒப்புதல் இல்லாத பில்லைப் பற்றி எழுதுங்கள் என்ற அந்த ஒரு வரிதான் அதை வெளியே கொண்டுவந்தது.

விஷயம் இதுதான். அந்த மும்பை நிறுவனத்துக்கு மகாராஷ்டிரத்தில் ஒரு பதிவு, குஜராத்தில் ஒரு பதிவு. அந்த நிறுவனத்துக்கு இவர் போட்ட ஜூலை விற்பனை பில் ஒன்றில் 27-இல் தொடங்கும் மகாராஷ்டிர எண்ணுக்குப் பதில் 24-இல் தொடங்கும் குஜராத் எண் போயிருந்தது. எண் தன்னளவில் செல்லுபடியானது என்பதால் தளம் அதைத் தடுக்கவில்லை. அடுத்த மாத GSTR-1-இல் திருத்தம் போட்டுச் சரிசெய்தோம். தவறு எங்கே நடந்தது என்று தேடினால், ஆகஸ்ட் 8-ஆம் தேதி அவர்கள் அலுவலகத்திலிருந்து வந்த எக்செல் கோப்பிலேயே 24 எண்தான் இருந்தது. அந்த வரியையும், திருத்தம் தாக்கலான பக்கத்தையும் படமெடுத்து அனுப்பினேன். "உங்கள் தரப்புத் தவறு" என்று எழுதவில்லை. "உங்களிடமிருந்து வந்த பட்டியலும், நாங்கள் திருத்திய விவரமும் இணைப்பில்" என்று மட்டும். எங்கள் ஜூலைக் கட்டண பில்லைத் தனியே வைக்கட்டுமா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் கழித்து, "வேண்டாம், சேத்தே போட்டுர்றேன். ரெண்டு தவணையா" என்று பதில் வந்தது. அதையே மின்னஞ்சலில் உறுதி செய்யச் சொன்னோம், செய்தார்.

நவம்பர் 18-ஆம் தேதி ₹17,280 வந்தது. மீதிக்கு 30-ஆம் தேதி கெடு. அன்று வரவில்லை. டிசம்பர் 1 ஞாயிறு. திங்கள் காலை அவர்களுடைய கணக்குப் பிள்ளை எப்போதும்போல் நவம்பர் மாத விற்பனைப் பட்டியலை வாட்ஸ்அப்பில் அனுப்பினார், "கொஞ்சம் பாத்துருங்க மேடம்" என்று.

இங்கேதான் இந்த மாதிரிக் கடிதங்கள் பெரும்பாலும் தோற்கின்றன. பட்டியல் வந்துவிட்டது, அரை மணி நேர வேலை, பழகிய பையன். எங்கள் அலுவலகத்துப் பெண் அதைத் திறந்து வேலையை ஆரம்பித்திருந்தால் நவம்பர் 5-ஆம் தேதிக் கடிதம் அந்த நிமிடத்தில் செல்லாக்காசு. அவர் எழுதிய பதில்: "பட்டியல் கிடைத்தது. இரண்டாவது தவணை வராததால் இன்று முதல் பணி நிறுத்திவைக்கப்பட்டுள்ளது. வந்ததும் எடுத்துக்கொள்கிறோம். GSTR-1 கெடு டிசம்பர் 11." புதிதாக ஒரு எச்சரிக்கை இல்லை, விளக்கம் இல்லை, மன்னிப்பும் இல்லை. 3-ஆம் தேதி மதியம் மீதி ₹17,280 வந்தது. 4-ஆம் தேதி அந்தப் பட்டியலை எடுத்தோம். GSTR-1 கெடுவுக்குள் போனது.

எங்கே இது செல்லாது

வரித் துறையிலிருந்து ஒரு அறிவிப்பு வந்து அதற்குப் பதில் கொடுக்கும் கெடு ஓடிக்கொண்டிருந்தால், அல்லது விசாரணைத் தேதி குறித்திருந்தால், அந்த வேலையை இப்படி நடுவில் நிறுத்தக் கூடாது. பதிலைக் கொடுத்துவிட்டோ, வேறு ஒருவரிடம் கோப்பை முழுதாக ஒப்படைத்துவிட்டோதான் நிறுத்த வேண்டும். அறிவிப்பிலும் அதை விதிவிலக்காக எழுத வேண்டும். வீட்டு வாடகை பாக்கிக்குத் தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்துவது இந்த வகையில் சேரவே சேராது. தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் அதைத் தடை செய்கிறது. அப்புறம், பில்லைப் பற்றிய தகராறு உண்மையானது என்று தெரிந்தும் முழுத் தொகைக்கும் சேர்த்து வேலையை நிறுத்துவது நியாயமில்லை. மின்சாரச் சட்டத்தின் அதே பிரிவு, கேட்ட தொகையை ஆட்சேபத்தோடு கட்டிவிட்டால் இணைப்பைத் துண்டிக்கக் கூடாது என்கிறது. ஆட்சேபத்துக்கு ஒரு வழி விட்டுத்தான் கெடு வைக்க வேண்டும்.

2025 ஏப்ரலில் கட்டண ஒப்பந்தத்தைப் புதுப்பித்தபோது எல்லா வாடிக்கையாளர்களுக்கும் இந்த வரியைச் சேர்த்தோம். இந்த வாடிக்கையாளரும் எதுவும் கேட்காமல் கையெழுத்துப் போட்டார்: "பில் கெடு கடந்து 30 நாட்களுக்கு மேல் நிலுவை இருந்தால், முழுதாக 15 நாள் எழுத்து அறிவிப்பு தந்து, அது முடியும் நாளிலோ அதற்குப் பிறகோ முதலில் வரும் GSTR-3B கெடுவுக்கு மறுநாள் முதல் பணியை நிறுத்திவைப்போம். ஒப்புதல் இல்லாத பில் இருந்தால் அறிவிப்பு கிடைத்த 7 நாட்களுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். கோப்புகளும் நுழைவு விவரங்களும் எந்த நிலையிலும் நிறுத்திவைக்கப்படமாட்டா."